போன நேரம் எழுதாத பதிவேடு

செண்பகா அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகள். அதில் இருபத்து மூன்று வீட்டுக்காரர்களுக்குச் சங்கம் வேண்டும், செயலாளர் வேலை மட்டும் வேண்டாம். மிச்சமிருந்தவன் முனியராஜ். சிவகாசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முகத்தைப் பார்த்து ஒருவர் கேட்டுவிட்டால் முடியாது என்று சொல்ல அவனுக்கு வராது. இது போதாதா, செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

தலைவர் யார் என்பதில் பேச்சே எழவில்லை. தரைத்தளத்து முதல் வீட்டு ரத்தினசாமி அண்ணாச்சிதான். திருத்தங்கலில் முப்பது வருஷமாக அச்சகம் நடத்துகிறவர். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், கம்பெனிகளுக்கு வேண்டிய பதிவேடுகள் என்று எதையும் அச்சடிப்பார், எந்தத் தாளையும் வீணாக்க மாட்டார். அவர் வீட்டில் காய்கறிக்காரனிடம் கொடுக்கும் சீட்டின் பின்பக்கம்கூட ஏதாவது சாமி படத்தில் பாதி இருக்கும்.

சங்கத்துக்கு அவசரம் இருந்தது. கட்டிடம் கட்டியவர் கைகழுவிவிட்டுப் போகப் பார்த்தார். வரைபட அனுமதி, லிஃப்ட் தாள்கள், ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கான மின் இணைப்பு எல்லாம் அவர் பேரில் இருந்தன. பதிவு பெற்ற சங்கம் ஒன்று வந்து கேட்டால் ஒப்படைக்கிறேன், ஆள் ஆளுக்கு வந்து நின்றால் யாரிடம் கொடுப்பது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மோட்டார் வாரத்துக்கு இரண்டு நாள் படுத்துக்கொண்டது.

ஆக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு நிறுவனக் கூட்டம் நடந்தது. சங்கத்தின் பெயர், நோக்கங்கள், துணைவிதிகள், ஏழு பேர் கொண்ட செயற்குழு என்று வரிசையாகத் தீர்மானம் போட்டார்கள். துணைவிதியில் நாய் வளர்ப்பதைப் பற்றி என்ன எழுதுவது என்பதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது. ரத்தினசாமி அண்ணாச்சி தம் அச்சகத்தில் பைண்டு செய்த தடித்த வருகைப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அட்டையில் சங்கத்தின் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. பதிவே ஆகாத சங்கத்துக்குத் தங்க எழுத்து எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முனியராஜ் எண்ணிப் பார்த்து, ‘வந்திருந்தவர்கள் பதினேழு பேர்’ என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினான்.

பத்து நாள் கழித்து விருதுநகரில் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குத் தாள்களைக் கொண்டுபோனான். அங்கே சங்கங்கள் பதிவைப் பார்த்த உதவியாளர் ஸ்ரீமதி என்ற அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அவர் தாளைப் படிக்கும்போது எதிரில் இருப்பவருக்குத் தான் ஏதோ திருடிவிட்டதைப் போல இருக்கும். செயற்குழுவின் காலம் ஐந்து வருஷம் என்று துணைவிதியில் போட்டிருந்ததைச் சுழித்தார். மூன்று வருஷத்துக்கு மேல் சட்டம் இடம் தராது என்றார். சங்க அலுவலகத்தின் வேலை நேரம் எழுதவில்லை என்றார். அதையெல்லாம் திருத்திக்கொள்ளலாம். பிறகு வருகைப் பதிவேட்டின் நகலை எடுத்து விரலால் எண்ணினார்.

“சார், கூட்டக் குறிப்புல பதினேழு பேர்னு எழுதியிருக்கீங்க. இங்கன பதினெட்டு இருக்கு.”

முனியராஜ் எட்டிப் பார்த்தான். பதினேழு கையெழுத்துகளுக்குக் கீழே பதினெட்டாவது வரியில் ஒரு பெருவிரல் ரேகை. பெயர் இல்லை.

ரேகை வைத்தவர் யார், இன்னார் ரேகை என்று பக்கத்தில் எழுதிச் சாட்சி போட்டது யார் என்று அந்த அம்மாள் கேட்டார். செண்பகாவில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் ஒருவருமில்லை, அன்றைக்கு மைப் பெட்டியே கொண்டுபோகவில்லை என்று முனியராஜ் சொன்னான். சொல்லும்போதே தன் பேச்சு தனக்கே எடுபடவில்லை. பதிவேட்டில் அடித்துத் திருத்தினால் அது வேறு வம்பு, திருத்தின துணைவிதிகளையும் வைத்துக் கூட்டத்தை முறைப்படி மறுபடி கூட்டிக் குறிப்பெழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மூலப் பதிவேட்டைத் திறந்தான். ரேகை கறுப்பு மையில் இல்லை. மங்கின வெள்ளியாக இருந்தது. விரலால் தொட்டான். விரல் நுனியில் மினுமினுவென்று பொடி ஒட்டியது. பட்டாசு ஊரான நாரணாபுரம் பக்கத்தில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுமினியப் பவுடர். பட்டாசுக் குழாய்க்குள் மருந்து செலுத்துகிற பெண்களின் கையில் எம்புட்டுத் தேய்த்தாலும் போகாமல் ரேகையோடு படிந்திருக்குமே, அதேதான். யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினான்.

இரண்டாவது கூட்டத்தில் பதிவேட்டை யார் கையிலும் விடவில்லை. தன் மடியிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் வந்து குனிந்து போடச் சொன்னான். வாத்தியார் பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி நிற்கிறார் என்று சிரித்தார்கள். இருபத்தொரு கையெழுத்து. மூடி, அட்டை மேல் கையை வைத்துக்கொண்டான். துணைவிதிகளை ஒவ்வொன்றாக வாசித்தான். உறுப்பினர் பொறுப்பு எப்போது முடியும் என்ற விதி வந்தது. வீட்டை விற்றால் முடியும், விலகினால் முடியும், இறந்தால் முடியும். அந்த மூன்றாவதை வாசிக்கும்போது கந்தக வாசம் வந்தது. லேசாக, துணியில் ஒட்டிக்கொண்டு வருகிற அளவுக்கு. அவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். வேறு யாருக்கும் வாசம் வந்ததாகத் தெரியவில்லை.

மாடியில் தன் வீட்டுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தபோது இருபத்திரண்டாவது வரியில் ரேகை இருந்தது. இத்தனை நேரமும் அந்த அட்டையின் மேல் இருந்தது அவன் கை. அப்போதுதான் அந்தப் பக்கத்தையே அவன் சரியாகப் பார்த்தான். வரிசை எண், பெயர், வந்த நேரம், கையெழுத்து அல்லது ரேகை, போன நேரம், மறுபடி கையெழுத்து அல்லது ரேகை. எந்தக் குடியிருப்போர் சங்கத்தில் போன நேரம் எழுதுவார்கள்? பக்கத்தின் மேல் ஓரத்தில் எழுத்துகளின் அடிப்பகுதி மட்டும் மயிரிழையாக ஓடியது. ஏதோ ஒரு தலைப்பைக் கட்டிங் மெஷினில் வெட்டியிருக்கிறார்கள்.

திருத்தங்கல் அச்சகத்துக்கே போய்க் கேட்டான். ரத்தினசாமி அண்ணாச்சி முதலில் மழுப்பினார், பிறகு தாளை வீணாக்காத பெருமை வெட்கத்தை மிஞ்சிவிட்டது.

“ஒரு பட்டாசுக் கம்பெனிக்காரர் ஹாஜர் பதிவேடு ஆர்டர் கொடுத்தாரு வாத்தியாரே. பழைய புத்தகம் தீர்ந்துபோச்சு, சீக்கிரம் வேணும்னாரு. அடிச்சு வெச்சோம். வந்து எடுக்கறதுக்குள்ள அங்கன விபத்து. கம்பெனியே போச்சு. பதினோரு வருசமா தாளு சும்மா கெடந்துச்சு. தலைப்ப வெட்டிட்டா நல்ல தாளுதான?”

எந்தக் கம்பெனி என்று முனியராஜ் கேட்டான். கேட்காமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. அண்ணாச்சி பேரைச் சொன்னதும், பக்கத்தில் இருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

அவனுடைய அம்மா வள்ளித்தாய் கடைசியாக வேலைக்குப் போன கம்பெனி அது. போய் மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. நாலாவது நாள் காலை பதினொன்று நாற்பதுக்கு மருந்து அறை வெடித்தது. ஏழு பேரை அடையாளம் கண்டு ஏழு பேருக்கும் இறப்புச் சான்று கொடுத்தார்கள். வள்ளித்தாய் அதில் இல்லை. அன்றைக்கு அவள் வேலைக்கு வந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். பழைய பதிவேட்டில் அவள் பெயர் கிடையாது. புதுப் பதிவேடு இல்லவே இல்லை. அவள் வந்ததைப் பார்த்தவர்கள், போர்மேன் உட்பட, செத்துப்போன அந்த ஏழு பேர்தான். ஆகவே காவல் நிலையத்தில் அவள் இன்றைக்கும் காணாமல் போனவள்தான். அப்பா சங்கிலிமுத்து சாகிற வரைக்கும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் கம்பெனி வண்டி வந்து நிற்கிற இடத்தில் போய் நிற்பார். அவள் படத்துக்கு மாலை போடவும் அவர் விடவில்லை.

முந்தின நாள் ராத்திரி சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னது முனியராஜுக்கு நினைவு வந்தது. பி.எட். பரீட்சைக்குப் படித்துக்கொண்டு அரைக் காதில் கேட்ட பேச்சு. ஏலே ராசு, புது நோட்டு அச்சாபீசுல இருந்து இன்னும் வரலையாம், வந்ததும் ரேகை வெச்சுக்கலாம்னு போர்மேன் சொல்லியிருக்காரு.

நோட்டு வந்துவிட்டது. அவள் ரேகை வைக்கிறாள்.

அன்றைக்கு வீட்டில் பழைய பெட்டியைக் கிளறி, தன் பத்தாம் வகுப்பு முன்னேற்ற அறிக்கையை எடுத்தான். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அம்மாவின் இடது பெருவிரல். திரி வெட்டும்போது கத்தி பட்டதால் ரேகையின் குறுக்கே ஒரு கோடு ஓடும். பதிவேட்டைப் பக்கத்தில் வைத்தான். அதே கோடு. மனைவி பானுப்பிரியா இரண்டையும் பார்த்தாள். அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முனியராஜ் பதினோரு வருஷம் அழாத அழுகையை அன்றைக்கு அழுதான். பயம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதைவிட, அம்மா வந்திருக்கிறாள் என்ற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

அங்கேதான் வினை தொடங்கியது. இரண்டாவது கூட்டத்தின் குறிப்பில் உள்ளதை ஒழுங்குபடுத்தி, பதிவாளர் அலுவலகத்துக்கு ஏதாவது ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. சங்கம் பதிவாகிவிட்டால் அப்புறம் வருஷத்துக்கு ஒரு பேரவைக் கூட்டம்தான். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அம்மா. ஆகவே, கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும், அதாவது கோரம், என்பது தெளிவாக இல்லை என்று ஒரு காரணம் சொல்லி மூன்றாவது கூட்டத்தைக் கூட்டினான். கூட்டம் போடுவதில் இவ்வளவு ஆர்வமுள்ள செயலாளரை அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

மூன்றாவது கூட்டத்தில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகவே கிடந்தது. நின்றுகொண்டிருந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை, ஏன் என்று அவர்களைக் கேட்டால் அவர்களுக்கே தெரிந்திருக்காது. நாற்காலியின் கைப்பிடியில் வெள்ளிப் பொடி படிந்திருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பாமல், ஆனால் அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, துணைவிதிகளைச் சத்தமாக வாசித்தான். சின்ன வயதில் பாடப் புத்தகத்தை அப்படித்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுவான். அவளுக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள்.

முந்தின இரண்டு கூட்டமும் பதினொன்றரைக்குள் முடிந்திருந்தன, இந்தத் தடவை பேச்சு நீண்டு மணி பதினொன்றரையைத் தாண்டியது. திடீரென்று உத்தரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பிப் போயின. மடியில் இருந்த பதிவேடு சுட்டது. வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்ட மாதிரிச் சுட்டது. அவன் துள்ளி எழுந்தான், பதிவேடு கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலி யாரோ உதைத்தது போலப் பின்னால் சாய்ந்து கவிழ்ந்தது. காற்று என்று யாரோ சொன்னார்கள். ஒரு இலைகூட அசையவில்லை. முனியராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று நாற்பது.

அதற்குப் பிறகும் அவன் நான்காவது கூட்டத்தைக் கூட்டினான் என்றால் அவனை என்ன சொல்வது? பெற்ற தாயை மறுபடி பார்க்கக் கிடைத்தவனிடம் புத்தி எங்கே இருக்கும். இந்தத் தடவை பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள், அதுவும் சலித்துக்கொண்டு. பதின்மூன்றாவது வரியில் ரேகை விழுந்தது. பதினொன்று நாற்பதுக்குப் புறாக்கள் பறந்தன, நாற்காலி கவிழ்ந்தது. பதிவேட்டைத் திறந்தபோது ரேகையைச் சுற்றித் தாள் பழுப்பாகக் கருகியிருந்தது. ரேகையும் முன்னைப் போல இல்லை. விரலை வைத்து அழுத்தியதாக இல்லாமல், எதையோ பிடித்துக்கொள்ளப் பார்த்துக் கை வழுக்கியதைப் போல இழுபட்டுப் போயிருந்தது.

பானுப்பிரியா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தாள். வந்த நேரம் என்ற கட்டத்திலிருந்து விரலை நகர்த்திப் போன நேரம் என்ற கட்டத்தில் நிறுத்தினாள். நான்கு பக்கத்திலும் அது காலியாகவே இருந்தது.

“அத்தைய வேலைக்கு வரச் சொல்றீக, வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறீக. நீங்க ஒவ்வொரு வாட்டி கூப்புடும்போதும் அவுக அந்தப் பதினொன்னு நாப்பதுல போயி நிக்கிறாக. பெத்த மகன் செய்யிற வேலையா இது?”

அந்த வாரம் முழுக்க வகுப்பில் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் முனியராஜுக்கு அந்தக் காலிக் கட்டம் நினைவு வந்தது. உள்ளேன் ஐயா என்று நாற்பது குரல் சொல்லும், சாயங்காலம் மணி அடித்ததும் நாற்பதும் வீட்டுக்கு ஓடும். அவ்வளவு எளிய விஷயம். மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவளை அனுப்பினால் அவள் வரமாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. இருந்தாலும், கருகின தாளை நினைக்கும்போது வேறு வழி இல்லை.

வெள்ளிக்கிழமை விருதுநகருக்குப் போய் ஸ்ரீமதி அம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். உறுப்பினர் அல்லாத ஒருவர் கூட்டத்துக்கு வந்திருந்தால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கலாமா? அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். சிறப்பு அழைப்பாளர் என்று தனியாகக் குறிக்க வேண்டும், கோரத்தில் சேர்க்கக் கூடாது, ஓட்டுக் கிடையாது. ரேகையாக இருந்தால் யாருடைய ரேகை என்று எழுதிச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனை மணிக்குக் கூட்டம் முடிந்தது என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும்.

“போன வாட்டி நீங்க கொண்டாந்த குறிப்புல கூட்டம் முடிஞ்சதாவே இல்ல சார். தீர்மானத்தோட நிக்குது.”

ஐந்தாவது கூட்டத்தைக் காலை பத்து மணிக்கே வைத்தான். இதுதான் கடைசி என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதால் இருபது பேர் வந்தார்கள். ரத்தினசாமி அண்ணாச்சியிடம் மட்டும் முந்தின நாளே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். தலைப்பை வெட்டிப் பைண்டு செய்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரி கும்பிட்டார். வேறு புத்தகம் பைண்டு செய்து தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இதிலேயே முடிக்கணும் என்று முனியராஜ் சொல்லிவிட்டான்.

வீட்டு எண் வாரியாகப் பெயரைக் கூப்பிட்டான். ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். திருத்திய துணைவிதிகளை ஏற்று, செயற்குழுவை மூன்று வருஷத்துக்குத் தேர்ந்தெடுத்து, சங்கத்தின் பெயரும் நோக்கமும் எழுதிய குறிப்பாணையில் ஏழு பேருக்கும் மேலாகவே கையெழுத்து வாங்கியாயிற்று. மணி பதினொன்று ஐந்து. கந்தக வாசம் வந்துவிட்டது. அவன் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

முனியராஜ் எழுந்து நின்றான்.

“சிறப்பு அழைப்பாளர். வள்ளித்தாய்.”

அப்படி ஒருவர் யார் என்று இரண்டு பேர் எழுந்து திரும்பிப் பார்த்தார்கள். ரத்தினசாமி அண்ணாச்சி கை காட்டி அவர்களை உட்கார வைத்தார். பதிவேட்டின் இருபத்தொன்றாவது வரியில், அவன் கண் எதிரே, முதலில் ஒரு வெள்ளிப் புள்ளி தெரிந்தது. அது மெல்ல விரிந்தது, வளைவு வளைவாக ரேகை வந்தது, குறுக்கே அந்தக் கோடு வந்தது. தாள் விரலுக்குக் கீழே அமுங்குவது போல லேசாகக் குழிந்து நிமிர்ந்தது. அத்தனை அருகில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவனால் எதையும் பார்க்க முடியவில்லை, வேர்வையும் மருந்தும் கலந்த வாசம் மட்டும் முகத்தில் பட்டது. பத்து வயதில் அந்தச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான்.

உட்கார்ந்து, பேனாவை எடுத்து, ரேகைக்குப் பக்கத்தில் எழுதினான். வள்ளித்தாய், கணவர் பெயர் சங்கிலிமுத்து, இடது கைப் பெருவிரல் ரேகை. சாட்சி என்று போட்டுத் தன் கையெழுத்தையும் போட்டான். வந்த நேரம் பத்து மணி என்று எழுதினான். பதினோரு வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் அவள் பெயர் ஏறியது.

அடுத்த கட்டத்துக்குக் கை போகவில்லை. பேனா அங்கேயே நின்றது. பதினொன்று இருபது. இன்னும் ஒரு ஐந்து நிமிஷம் இருக்கட்டுமே என்று நினைத்தான். பதினொன்று இருபத்தைந்து. இன்னும் ஒரு நிமிஷம். மடியில் பதிவேடு வெதுவெதுப்பாகத் தொடங்கியது. மேலே புறாக்கள் இறக்கையைப் பிரித்துப் பிரித்து மடக்கின. மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பானுப்பிரியாவின் முகத்தை அவன் பார்த்தான். பதிவேடு சுட ஆரம்பித்தது, தாளின் ஓரம் பழுத்துச் சுருண்டது.

போன நேரம் பதினொன்று முப்பது என்று எழுதினான். எழுதிவிட்டுக் காலி நாற்காலிப் பக்கம் திரும்பினான். இத்தனை நாளும் அவன் அந்தப் பக்கம் நேராகத் திரும்பினதே இல்லை.

“அம்மா, வேலை முடிஞ்சிருச்சு. கை கழுவிட்டு வீட்டுக்குப் போ. அப்பா வண்டி நிக்கிற எடத்துல நின்னுக்கிட்டு இருக்காரு.”

வண்டிகளுக்குப் பின்னால், சுவரோரம் இருந்த குழாய் திறந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மோட்டார் இரண்டு நாளாக ஓடவில்லை, தொட்டியில் தண்ணீரே கிடையாது. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். நிதானமாக, அவசரமில்லாமல், ஒரு ஆள் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுகிற நேரத்துக்குத் தண்ணீர் விழுந்தது. பிறகு நின்றது. ஈரப் பாதம் இரண்டு, வாசலைப் பார்த்து, சிமெண்டுத் தரையில் விழுந்தது. அதற்கடுத்து இரண்டு. கேட் வரைக்கும் போய் அப்புறம் தெருவின் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை.

பதினொன்று நாற்பதுக்குப் புறாக்கள் உத்தரத்திலேயே இருந்தன. நாற்காலி அப்படியே நின்றது. முனியராஜ் குனிந்து பார்த்தான். போன நேரத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு ஈர ரேகை. பொடி இல்லை, கருகல் இல்லை. வெறும் தண்ணீரில் வைத்த ரேகை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காய்ந்து வெள்ளைத் தாளானது.

கூட்டம் பதினொன்று நாற்பத்தைந்துக்கு நிறைவு பெற்றது என்று எழுதினான். ரத்தினசாமி அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீமதி அம்மாள் எல்லாத் தாளையும் எண்ணிப் பார்த்தார். உறுப்பினர்கள் இருபது, சிறப்பு அழைப்பாளர் ஒன்று, பதிவேட்டில் இருபத்தொன்று. கணக்குச் சரியாக வந்தது. கடைசி வரியில் விரலை வைத்தார். எல்லோருக்கும் போன நேரம் காலியாக இருக்க, இந்த ஒருவருக்கு மட்டும் எழுதியிருக்கிறதே என்று கேட்டார்.

“எங்க அம்மாங்க. அவுக மட்டும் சீக்கிரமா கெளம்பிட்டாக.”

அந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தார். நகலின் ஒவ்வொரு பக்கத்திலும் அலுவலக முத்திரையைக் குத்திக்கொண்டே வந்தார். இருபத்தொன்றாவது வரியின் மேலும் முத்திரை விழுந்தது, வள்ளித்தாய் என்ற பெயர் அதன் வட்டத்துக்குள் இருந்தது. அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்துக் கட்டி உள்ளே கொண்டுபோனார்கள். அவள் வந்ததையும் போனதையும் சொல்கிற அரசாங்கத் தாள் உலகத்தில் அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் முனியராஜ் சிவகாசியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மாலை வாங்கினான். வீட்டுக்கு வந்து அம்மாவின் படத்தைத் துடைத்து மாலையைப் போட்டான். மணி ஆறாகியிருந்தது.